சர்க்கரைக்குப் பதில் தேன்: முக்கால் கப் கணக்கு

கேக்கில் சர்க்கரையை எடுத்துவிட்டுத் தேன் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சூத்திரம் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன், பாலிலோ தண்ணீரிலோ மூன்று டேபிள்ஸ்பூன் குறைவு. ஏன் முக்கால் என்று கேட்டால், தேன் சர்க்கரையைவிட அதிகம் இனிக்கும், அதனால் குறைவாகப் போட வேண்டும் என்பார்கள். அந்தப் பதிலில் உண்மை கொஞ்சம்தான். முக்காலுக்குக் காரணம் பெரும்பாலும் எடையிலும் ஈரத்திலும் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த கேக் குறிப்பு கையில் வந்தாலும் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் செட்டாகக் கிடைக்கும் 240 மில்லி கப்பை எடுத்துக்கொள்வோம். அதில் சர்க்கரையைத் தலைதட்டி அளந்தால் 200 கிராம். அதே கப்பில் தேன் ஊற்றி எடை பார்த்தால் ஏறக்குறைய 340 கிராம் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒரு கப்தான், தராசில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் அந்த 340 கிராமும் இனிப்பு இல்லை. நல்ல தேனில் நூற்றுக்கு 17, 18 பங்கு தண்ணீர். மீதி கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரைப் பொருள்கள். அவற்றில் பெரும்பங்கு பிரக்டோஸ், அடுத்தது குளுக்கோஸ்.

இப்போது முக்கால் கப் தேனை எடுப்போம். எடை 255 கிராம். அதில் தண்ணீர் ஏறக்குறைய 45 கிராம், இனிப்புப் பொருள் ஏறக்குறைய 210 கிராம். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. முக்கால் என்ற அளவு இங்கிருந்துதான் வருகிறது. கூடவே வந்த 45 கிராம் தண்ணீர்தான் மூன்று டேபிள்ஸ்பூன். தேனுக்குள் ஒளிந்து வந்த அந்தத் தண்ணீரைக் குறிப்பில் உள்ள பாலிலிருந்து கழிக்கிறோம், அவ்வளவே. சில புத்தகங்களில் ஒரு கப் தேனுக்குக் கால் கப் நீர்மத்தைக் குறை என்று எழுதியிருக்கும். அதுவும் இதே கணக்குதான். ஒரு முழுக் கப் தேனில் ஏறக்குறைய 60 கிராம் தண்ணீர் இருக்கிறது, கால் கப் என்பதும் 60 மில்லிதான்.

தராசு உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. 100 கிராம் சர்க்கரைக்கு 125 கிராம் தேன், நீர்மத்தில் 20 முதல் 25 மில்லி குறைவு. தேனைக் கப்பில் அளப்பது எப்போதும் கொஞ்சம் ஏமாற்றும். கப்பின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கப் மட்டும்தான் இருக்கிறதென்றால், முதலில் எண்ணெயை அளந்து ஊற்றிவிட்டு அதே கப்பில் தேனை அளங்கள். எண்ணெய்ப் பூச்சில் தேன் வழுக்கி முழுதாக இறங்கிவிடும்.

இனிப்புச் சுவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிட அதிகம் இனிப்பது உண்மை, ஆனால் சூடாக இருக்கும்போது அந்த வேகம் குறைந்துவிடும். அதனால் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு தேன் கேக்கைச் சுவைத்துப் பார்த்து இனிப்பு போதவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. முழுக்க ஆறிய பிறகு பாருங்கள். மிதமான இனிப்பே போதும் என்பவர்கள் முக்கால் கப்புக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கு கப் தேன் போடலாம், கேக் கெடாது. அப்போது ஏறக்குறைய 225 கிராம் தேனும் அதோடு 40 மில்லி தண்ணீரும் உள்ளே போகின்றன. பாலில் 40 மில்லி குறைத்தால் சரியாக இருக்கும்.

சொன்னதை ஒரு கேக்கில் செய்து பார்ப்போம். நம் வீடுகளில் பலரும் செய்கிற எளிய எண்ணெய் கேக் ஒன்று. மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், வாசமில்லாத எண்ணெய் அரை கப், முட்டை இரண்டு, பால் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். ஏழு அங்குல வட்டத் தட்டில், 180 டிகிரியில், ஏறக்குறைய 35 நிமிடம். இதைத் தேனுக்கு மாற்றும்போது மைதா, எண்ணெய், முட்டை, உப்பு எதுவும் மாறாது. சர்க்கரை போய் 255 கிராம் தேன் வரும். பால் 120 மில்லியிலிருந்து 75 மில்லியாகும். கூடுதலாக ஒரு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு சமையல் சோடா. அடுப்பு 165 டிகிரிக்கு இறங்கும், நேரம் 40 முதல் 45 நிமிடம் ஆகும். சோடா ஏன், சூடு ஏன் குறைய வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செய்முறையிலும் சிறிய மாற்றம் உண்டு. தேன் கட்டியாக உறைந்திருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி இளக்கிக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேன் சீக்கிரமே உறையும். உறைந்தது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை, குளுக்கோஸ் படிகமாகியிருக்கிறது, அவ்வளவுதான். முட்டை இரண்டையும் தேனோடு சேர்த்து நிறம் வெளுத்து நுரைத்து வரும் வரை நன்றாக அடியுங்கள். கைவிஸ்க்கில் நாலைந்து நிமிடம், பீட்டரில் இரண்டு மூன்று நிமிடம். இந்தக் கட்டத்தில் சோம்பல் கூடாது, கேக்குக்குள் போகும் காற்றில் பெரும்பகுதி இப்போதுதான் சேர்கிறது. பிறகு எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றிக் கலந்து, பாலைச் சேர்த்து, சலித்த மாவையும் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கிளறி நிறுத்துங்கள்.

கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். கலவை பட்டையாக விழ வேண்டும். விழுந்த பட்டை மேலே இரண்டு மூன்று நொடி தெரிந்து பிறகு கரைய வேண்டும். இட்லி மாவைவிட ஒரு பிடி கெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த உடனே கலந்து மறைந்தால் நீர் அதிகம். ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைச் சலித்துச் சேர்த்து உடனே தட்டில் ஊற்றிவிடுங்கள். கரண்டியிலிருந்து கட்டியாகத் தொங்கி விழ மறுத்தால் ஒரு டேபிள்ஸ்பூன் பால் சேர்க்கலாம். மைதா பாக்கெட்டுக்குப் பாக்கெட் நீர் இழுக்கும் அளவு மாறும், முட்டையும் ஒரே அளவாக வராது. அதனால் அந்த 75 மில்லி பாலையும் ஒரே தடவையில் கொட்டாமல் கடைசி ஒரு கரண்டியைக் கையில் வைத்திருந்து, பதம் பார்த்து ஊற்றுவதுதான் என் வழக்கம்.

தேனும் எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர விதிப்படி தேனில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டக் கூடாது. மழைக்காலத்தில் எடுத்த தேனும், தேனீக்கள் அறையை மெழுகால் மூடும் முன்பே அவசரப்பட்டு எடுத்த தேனும் அதையும் தாண்டி நீர்த்திருக்கும். சந்தேகம் இருந்தால் கால் கப் தேனை எடை போடுங்கள். 85 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல கெட்டித் தேன். 80க்கும் கீழே இறங்கினால் நீர் கூடுதல், பாலில் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்துவிடுங்கள்.

நீர்மத்தைக் குறைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது வெட்டிய துண்டிலேயே தெரியும். வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு பெண் எனக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். மேலே நல்ல பழுப்பு, நடுவில் லேசான குழி. பக்கவாட்டில் பார்த்தால் மேல்பாதி முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அடியில் ஒரு விரல் கனத்துக்குத் துளையே இல்லாத, கொஞ்சம் கறுத்து மினுமினுக்கும் ஒரு பட்டை. விரலால் அழுத்தினால் எழும்பாமல் அப்படியே நின்றது.

“அக்கா, எல்லாம் அளவாத்தான் போட்டேன். இன்னும் பத்து நிமிஷம் கூட வெச்சுப் பார்த்துட்டேன். அடி மட்டும் வேகாமலே நிக்குது.”

“தேன் எவ்வளவு போட்ட?”

“சர்க்கரைக்குச் சரிக்குச் சரி, ஒரு கப்.”

“பால்?”

“அது எப்பவும் போல அரை கப்தான் அக்கா.”

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிறது. ஒரு முழுக் கப் தேன் வழியாக 200 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 275 கிராமுக்கு மேல் இனிப்புப் பொருள் போயிருக்கிறது. கூடவே 60 மில்லி தண்ணீர். இனிப்பும் நீரும் கூடினால் மாவில் உள்ள ஸ்டார்ச் இறுகுவது தள்ளிப்போகும். கேக் உப்பி மேலே வந்துவிடும், ஆனால் தன்னைத் தாங்கிக்கொள்ளும் உறுதி வருவதற்குள் குமிழ்கள் உடைந்து நடு அமுங்கிவிடும். கனமான பகுதி அடியில் தங்கிப் பட்டையாகிவிடும். அங்கே அடுப்பு நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. மேல்பகுதி காயும், அடிப்பட்டை அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை அவர் தேனை முக்கால் கப்பாக்கி, பாலைக் குறைத்தார். பட்டை போய்விட்டது. மேற்புறம் மட்டும் இன்னும் கறுத்துப்போனது, அது வேறு கதை.

சர்க்கரை போட்ட கேக்கைவிடத் தேன் போட்ட கேக் வேகமாக நிறம் மாறும். காரணம் தேனில் உள்ள இனிப்பின் வகை. நம் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். அது பால், முட்டையின் புரதத்தோடு நேரடியாக வினைபுரிந்து பழுப்பாவதில்லை. முதலில் உடைய வேண்டும். தேனில் உள்ள பிரக்டோஸும் குளுக்கோஸும் ஏற்கெனவே உடைந்த நிலையில் இருப்பவை, சூடு பட்டதுமே புரதத்தோடு வினையைத் தொடங்கிவிடும். தனியாகச் சூடாக்கினாலும் சர்க்கரை கருக ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். பிரக்டோஸ் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்குகிறது. அதனால்தான் 180 டிகிரியில் தேன் கேக்கை வைத்தால் 20 நிமிடத்திலேயே மேல்பக்கம் வெந்த கேக்கின் நிறத்துக்கு வந்துவிடும். நிறத்தைப் பார்த்து எடுத்தால் உள்ளே மாவு பச்சையாக ஓடும்.

இதற்குத்தான் சூட்டை 15 டிகிரி குறைப்பது. அதன்படி வைத்தும் 30ஆவது நிமிடத்தில் மேலே நன்றாகச் சிவந்துவிட்டால் ஒரு அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டு மூடிவிட்டு மீதி நேரத்தை ஓட்டுங்கள். ஓடிஜி அடுப்பில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருந்தால் தட்டைக் கீழ்வரிசைக்கு மாற்றுவதும் உதவும். வெந்ததா என்று பார்க்க நிறத்தை நம்பக் கூடாது. நடுவில் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டாமல் ஒன்றிரண்டு உதிர்த்துகள் மட்டும் ஒட்டி வரவேண்டும். விரலால் நடுவில் மெல்ல அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். தேன் கேக்கில் குச்சி முழுக்க உலர்ந்து வரும் வரை காத்திருந்தால் ஓரங்கள் வறண்டுவிடும்.

குக்கரில் கேக் செய்கிறவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, சின்னத் தாங்கி வைத்து அதன்மேல் தட்டை இறக்கும் முறையில் சூடு முழுவதும் கீழிருந்து வருகிறது. மேலே நிறம் வராது, அடி மட்டும் கருகும். தேன் சேர்ந்தால் அந்தக் கருகல் இன்னும் சீக்கிரம். தட்டின் அடியில் பட்டர் பேப்பரை இரண்டாக மடித்துப் போடுங்கள். தாங்கி கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். தீ மிகக் குறைவாக இருக்கட்டும். 50 நிமிடத்துக்கு மேலாகும், பொறுத்திருக்க வேண்டியதுதான்.

சோடாவைப் பற்றிச் சொல்லாமல் விட்ட பாக்கி இருக்கிறது. தேன் நாக்குக்கு இனிப்பு, ஆனால் அது ஒரு அமிலப் பொருள். தேனீயின் நொதி ஒன்று குளுக்கோஸிலிருந்து உண்டாக்கும் குளுக்கோனிக் அமிலம் அதில் இருக்கிறது. சராசரித் தேனின் பிஎச் அளவு 4ஐ ஒட்டி இருக்கும். கேக் கலவையில் இந்த அமிலம் கூடினால் பேக்கிங் பவுடரின் சமநிலை கொஞ்சம் மாறும், லேசான புளிப்பும் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் சிறிது சமையல் சோடா. பழைய புத்தகங்களில் ஒரு கப் தேனுக்கு அரை டீஸ்பூன் சோடா என்று இருக்கும். அது கொஞ்சம் தாராளமான அளவு என்பது என் கருத்து. சராசரித் தேனில் உள்ள அமிலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 255 கிராம் தேனின் புளிப்பைத் தணிக்க ஒரு கிராமுக்கும் குறைவான சோடா போதும், அதாவது எட்டில் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் போட்டால் மிச்சச் சோடா கேக்கிலேயே தங்கிச் சோப்பு போன்ற கசப்பைத் தரும். நிறமும் இன்னும் கறுக்கும், ஏனென்றால் காரத்தன்மை கூடினால் பழுப்பாகும் வினை இன்னும் வேகமெடுக்கும். குறிப்பில் ஏற்கெனவே தயிரும் சோடாவும் இருந்தால் தனியாக எதையும் சேர்க்காதீர்கள்.

தயிர் கேக் என்றதும் முட்டையில்லாத கேக் நினைவுக்கு வருகிறது. அதில் நீர்மத்தைக் கழிக்கும்போது தயிரைத் தொடாதீர்கள். தயிர் அங்கே சோடாவுக்குத் துணை. அதைக் குறைத்தால் கேக் எழும்பாது. பாலோ தண்ணீரோ இருந்தால் அதிலிருந்து மட்டும் குறையுங்கள். எதுவுமே இல்லையென்றால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடிந்த தண்ணீரை அளந்து மூன்று டேபிள்ஸ்பூன் போனதும் எடுத்துவிடலாம். வாழைப்பழ கேக்குக்கு நீர்மம் பழத்திலேயே இருக்கிறது, குறிப்பில் பால் இருக்காது. அங்கே ஒரு பழத்தைக் குறைப்பதைவிட இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் மாவைக் கூட்டுவது நல்லது, வாசமும் குறையாது. முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்று சிலர் ஒரு முட்டையைக் குறைத்துப் பார்ப்பார்கள். அது வேண்டாம். கேக்கைக் கட்டி நிறுத்துவது முட்டைதான்.

இவ்வளவு செய்தும் தேன் தோற்கும் இடம் ஒன்று உண்டு. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துத் தேய்த்துச் செய்யும் வெண்ணெய் கேக். அந்த முறையில் சர்க்கரைக்கு இனிப்பைத் தாண்டி ஒரு வேலை இருக்கிறது. கூர்மையான படிகங்கள் வெண்ணெயைக் கிழித்துக்கொண்டு போகும்போது ஆயிரக்கணக்கான சின்னக் காற்றறைகள் உண்டாகின்றன. அந்த அறைகளுக்குள்தான் பேக்கிங் பவுடரின் வாயுவும் நீராவியும் போய் நிரம்பி கேக்கை எழுப்புகின்றன. தேனில் படிகம் இல்லை. வெண்ணெயில் எவ்வளவு நேரம் அடித்தாலும் அது வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர அறை கட்டாது. முழுச் சர்க்கரையையும் தேனாக மாற்றினால் வெண்ணெய் கேக் குட்டையாக, இறுகி, கையில் கனமாக வரும்.

அதற்குப் பாதிக்குப் பாதிதான் வழி. 200 கிராம் சர்க்கரை கேட்கும் கேக்கில் 100 கிராம் சர்க்கரையை வைத்துக்கொண்டு வெண்ணெயோடு வெளுக்கத் தேயுங்கள். காற்று ஏறி இரட்டிப்பானதும் 125 கிராம் தேனை, அதாவது ஏறக்குறைய ஆறு டேபிள்ஸ்பூனை, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கலவை திரிந்துபோகும். பாலில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் குறைத்தால் போதும். அடுப்பை 170 டிகிரியில் வைக்கலாம். தேனின் மணமும் கிடைக்கும், கேக்கின் உயரமும் நிற்கும். வெண்ணெய் கேக்கைத் தேனில் செய்யக் கேட்பவர்களுக்கு நான் இந்தப் பாதியளவைத்தான் சொல்வேன்.

பிஸ்கட் விஷயத்தில் இன்னும் கறாராக இருப்பேன். மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்குத் தேன் வேண்டாம். பிஸ்கட் ஆறும்போது சுக்ரோஸ் இறுகிக் கெட்டியாவதால்தான் அந்த ஒடிசல் வருகிறது. பிரக்டோஸ் அப்படி இறுகாது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னையின் கடற்காற்றில் காலையில் ஒடிந்த தேன் பிஸ்கட் மாலையில் வளையும். மெல்லும் பதத்தில் மென்மையான பிஸ்கட் விரும்புகிறவர்களுக்கு மட்டும் பாதிச் சர்க்கரைக்குத் தேன் சரிவரும். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் மெரிங் போன்றவற்றில் கைவைக்காதீர்கள், உலர வேண்டிய பண்டத்தில் ஈரம் இழுக்கும் பொருளுக்கு இடமில்லை.

பிஸ்கட்டைக் கெடுக்கும் அதே குணம்தான் கேக்கைக் காப்பாற்றுகிறது. தேன் கேக் சர்க்கரை கேக்கைவிட நிறைய நேரம் மென்மையாக இருக்கும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் இந்தக் குணத்தை வைத்தே ஒரு பண்டத்தை வளர்த்தது. லெப்குகன் என்ற மசாலாத் தேன் கேக் அது. சர்க்கரை மலிவாகக் கிடைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த நகரைச் சுற்றியிருந்த அரசுக் காடுகளில் தேனெடுப்பவர்கள் இருந்தார்கள். அந்தக் காட்டைப் பேரரசின் தேனீத் தோட்டம் என்றே அழைத்தார்கள். தேனும் மாவும் பிசைந்து வாரக்கணக்கில் ஊறவைத்து, மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷ் காரத்தைச் சேர்த்துச் சுடுவது பழைய முறைகளில் ஒன்று. ஊறிய மாவின் புளிப்பும் பொட்டாஷும் சேர்ந்து வாயுவை உண்டாக்கும். நாம் ஒரு சிட்டிகை சோடா போடுவதும் இதே வேதியியல்தான். சுட்ட பிறகு டப்பாவில் அடைத்துச் சில நாள் வைத்தால் லெப்குகன் இளகி மென்மையாகும். நியூரம்பெர்க் லெப்குகன் என்ற பெயருக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. நம் ஊரில் அதே போன்ற குறியீடு மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்திருக்கிறது.

நாம் செய்த எண்ணெய் கேக்கையும் சுட்ட அன்றே வெட்டாமல், ஆறியதும் மூடிவைத்து மறுநாள் வெட்டுங்கள். ஈரம் சீராகப் பரவி, தேன் மணம் தூக்கலாகத் தெரியும். ஆனால் தேன் கெடாது, அதனால் தேன் கேக்கும் கெடாது என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டிலில் உள்ள தேனில் பூஞ்சை வளரப் போதுமான தண்ணீர் இல்லை. கேக்கில் இருக்கிறது. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் வெளியே வைக்கலாம், அதன்பின் குளிர்பெட்டிதான்.

எந்தத் தேன் போடுவது என்று கேட்பார்கள். பெட்டித் தேன் போதும். கொசுத் தேனும் நல்ல மலைத் தேனும் விலை கூடியவை, அவற்றின் நுண்ணிய மணம் 165 டிகிரியில் 45 நிமிடம் நிற்காது. அவற்றைச் சுட்ட கேக்கின் மேல் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிடுங்கள், கொடுத்த காசு வீண்போகாது. கசப்பு தூக்கலான தேனாக இருந்தால் கேக் முழுவதும் அது பரவும், முதல் தடவை பாதியளவு மட்டும் போட்டுப் பாருங்கள்.

தேனைச் சூடாக்கினால் விஷம் என்ற பேச்சு நம் வீடுகளில் அழுத்தமாக இருக்கிறது. சூடாக்கிய தேன் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் பழைய விதி. அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் தேன் கேக்கைத் தவிர்ப்பதே நேர்மையானது. உணவு வேதியியல் சொல்வது வேறு. சூட்டில் தேனின் நொதிகள் செயலிழக்கும், எச்எம்எஃப் என்ற பொருள் கூடும். தேனின் தரத்தை அளக்க அந்தப் பொருளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது ரொட்டியின் மேல்தோலிலும் வறுத்த காப்பியிலும் இருப்பதுதான். பச்சைத் தேனுக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்களை எதிர்பார்த்து மட்டும் கேக்கில் தேன் போட வேண்டாம். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் போடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது நல்ல கேக் என்று சொல்லி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மேலே போட்ட கணக்கையே பாருங்கள். 200 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு 210 கிராம் இனிப்புப் பொருளைத்தான் உள்ளே வைத்திருக்கிறோம். இரத்தத்தில் ஏறும் வேகத்தில் சிறு வித்தியாசம் இருக்கலாம், அதை நம்பி இரண்டு துண்டு சாப்பிடும் அளவுக்கு அது பெரியதல்ல.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கேக்கை ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. தேனில் சில சமயம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த வித்துகளை அழிக்க 121 டிகிரி சூடு அழுத்தத்தோடு வேண்டும். அடுப்பு 165 டிகிரி காட்டினாலும் வெந்த கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் இருக்கும் வரை தாண்டவும் முடியாது. பிறந்தநாளுக்கு வீட்டில் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும்போது, இதில் தேன் சேர்ந்திருக்கிறது, கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று டப்பாவின் மேலேயே எழுதி அனுப்புங்கள்.